வாரிசு சான்றிதழ் இருந்தால் கணவர் நிலத்தை மனைவி விற்க முடியுமா?

குடும்பத் தலைவர் இறந்து காரியம் முடிந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "தாலுகா ஆபீஸ்ல வாரிசு சர்டிபிகேட் வாங்கணும்" என்பதுதான். அது வந்துவிட்டால் நிலம், பணம் எல்லாமே மனைவி பெயருக்கு மாறிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தத் தாள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசுகள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அதில் இருக்காது. சொத்துக்கு யார் உரிமையாளர் என்றும் அது சொல்லாது.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். சோழவந்தான் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இறந்துவிட்டார். உயில் எழுதவில்லை. அவர் சம்பாதித்து வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் வயல் இருக்கிறது. மனைவியை நாமினியாகப் போட்ட வைப்புத்தொகை 8 லட்சம், நாமினி இல்லாத சேமிப்புக் கணக்கில் 3 லட்சம். தெரிந்த வியாபாரி ஒருவருக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்த கடன் 4 லட்சம். வீட்டில் மனைவி, வேலைக்குப் போகும் மகன், 14 வயது மகள், கணவரின் தாயார்.

எங்கே விண்ணப்பிப்பது?

முதலில் இறப்புச் சான்றிதழ் வேண்டும். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் அது பதிவாகும். அதனால் ஊர் சோழவந்தானாக இருந்தாலும், இந்தச் சான்றிதழ் மதுரை நகரில் நடந்த பதிவிலிருந்துதான் வரும். வாரிசு சான்றிதழுக்கு நேர்மாறு. இறந்தவர் வசித்த ஊர் எந்தத் தாலுகாவோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது வாடிப்பட்டி தாலுகா.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் கொடுக்கலாம். போனிலிருந்தே இணையதளத்திலும் போடலாம்; அங்கே இந்தச் சேவையின் எண் REV-114. இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றை இணைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகு தாலுகா அலுவலகம் சான்றிதழ் தரும்.

பல விண்ணப்பங்கள் பெயர் பொருந்தாததால்தான் சிக்குகின்றன. ஆதாரில் ஒரு எழுத்து, இறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து, பட்டாவில் அப்பா பெயரோடு இன்னொரு வடிவம் என்று இருக்கும். இறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் அதை முதலில் திருத்திவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. பிழையோடு வாங்கிய சான்றிதழ் பிறகு வங்கியிலும் பத்திரப்பதிவிலும் மாட்டிக்கொள்ளும்.

மாமியார் பெயர் எதற்கு?

"அவங்களுக்கு வயசாயிருச்சு, பேரை விட்டுறலாமே" என்று சொல்பவர்கள் உண்டு. அங்கேதான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு தாயும் உண்டு. எல்லோருக்கும் சம பங்கு. இந்தக் குடும்பத்தில் நான்கு வாரிசுகள் இருப்பதால், வயலில் ஆளுக்கு 30 சென்ட். மகளுக்குத் திருமணம் ஆகியிருந்தாலும் பங்கு குறையாது.

தாயாரின் பெயரை விட்டுவிட்டால் அவர் பங்கு மறைந்துவிடாது. அவர் காலத்துக்குப் பிறகு அந்த 30 சென்ட் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். கணவரின் அண்ணனோ தங்கையோ பத்து வருடம் கழித்துக்கூட வழக்குப் போடலாம். தாயார் தன் பங்கு வேண்டாம் என்று மனதார நினைத்தால், அதற்கு வழி விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது. வெள்ளைத்தாளில் வாங்கும் கையெழுத்து நிலத்துக்குச் செல்லாது.

இந்தக் கணக்கு இந்துக்களுக்கு மட்டும். பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி பிள்ளைகளுக்கு. தாய்க்குப் பங்கு இல்லை. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு.

எதற்குப் பயன்படும்?

வயலின் பட்டாவில் கணவர் பெயருக்குப் பதிலாக வாரிசுகள் பெயரைச் சேர்க்க இந்தச் சான்றிதழ் போதும். நான்கு பேருக்கும் கூட்டுப் பட்டா கிடைக்கும். மின் இணைப்பு, சொத்து வரி ரசீது ஆகியவற்றில் பெயர் மாற்றவும், அரசு ஊழியராக இருந்தால் பணிக்கொடை, குடும்ப ஓய்வூதிய விண்ணப்பங்களோடு கொடுக்கவும் இது உதவும்.

வங்கியில் நாமினி இருக்கும் 8 லட்சத்துக்கு வாரிசு சான்றிதழே தேவையில்லை. இறப்புச் சான்றிதழும் அடையாள ஆவணமும் கொடுத்தால் வங்கி மனைவியிடம் பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் வங்கியைப் பொறுத்தவரை நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான். அந்தப் பணத்திலும் மற்ற வாரிசுகள் பங்கு கேட்கலாம்.

நாமினி இல்லாத 3 லட்சத்துக்கு என்ன வழி? ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, 15 லட்சம் வரையிலான தொகைக்கு வங்கிகள் எளிய நடைமுறையைப் பின்பற்ற வேண்டும். கூட்டுறவு வங்கிகளில் இந்த வரம்பு 5 லட்சம். மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் தேவைப்படும். இந்தத் தொகைக்குப் போய் நீதிமன்ற உத்தரவு வாங்கி வரச் சொன்னால், விதியைக் காட்டிக் கேட்கலாம்.

எதற்குப் பயன்படாது?

அந்த 4 லட்சம் கடனுக்கு. வியாபாரி தானாகத் தந்துவிட்டால் பிரச்சினை இல்லை. தராவிட்டால் வழக்குப் போட வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன் 214-வது பிரிவுப்படி, இறந்தவருக்கு வர வேண்டிய கடனை வசூலிக்கத் தீர்ப்பு வழங்க, நீதிமன்றம் தந்த இறங்குரிமைச் சான்றிதழ் தேவை. பேச்சு வழக்கில் சக்ஸஷன் சர்டிபிகேட். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இது வேறு ஆவணம். தாலுகா அலுவலகம் தராது. உரிமையியல் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, நீதிமன்றக் கட்டணம் கட்டித்தான் வாங்க முடியும். கடன், பங்குகள் போன்றவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும், நிலத்துக்குப் பொருந்தாது.

வாரிசு யார் என்பதிலேயே தகராறு வந்தாலும் தாலுகா அலுவலகத்தில் தீர்வு கிடைக்காது. இரண்டாவது திருமணம், தத்து போன்ற கேள்விகளை நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

அப்படியானால் நிலத்தை விற்கலாமா?

மனைவி மட்டும் கையெழுத்துப் போட்டு முழு வயலையும் விற்க முடியாது. அவருடையது 30 சென்ட் பங்கு மட்டும்தான். முழுவதையும் விற்க மகனும் மாமியாரும் கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்கு 14 வயது என்பதால் அவள் பங்கை விற்கத் தாய்க்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், மகள் 18 வயதான பிறகு 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். விவரம் தெரிந்தவர் இப்படிப்பட்ட நிலத்தை வாங்கத் தயங்குவார். வாங்கினாலும் விலையைக் குறைத்துக் கேட்பார்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: வாரிசு யாராவது விடுபட்டிருக்கிறார்களா, பெயர்கள் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா, ஒவ்வொருவரின் உறவுமுறையும் சரியா. தவறு இருந்தால் பட்டாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் திருத்தம் கேட்க வேண்டும். பட்டா, வங்கி என்று நகல்கள் போன பிறகு திருத்துவதானால், ஒவ்வொரு அலுவலகமாகப் போய்த் திருத்த வேண்டியிருக்கும்.