போன் வெளிச்சத்துக்கு கிரீமா? ‘ப்ளூ லைட்’, ‘ஆன்டி பொல்யூஷன்’ லேபிளில் எது நிஜம்?

சன்ஸ்கிரீன் வாங்கப் போனால் ஒரே டியூபில் மூன்று வாக்குறுதிகள் இருக்கின்றன: எஸ்பிஎஃப் 50, ப்ளூ லைட் புரொடெக்‌ஷன், ஆன்டி பொல்யூஷன். எஸ்பிஎஃப் எண்ணுக்குப் பின்னால் ஒரு பரிசோதனை முறை இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க எந்த எண்ணும் இல்லை. அதுக்காக ரெண்டுமே பொய்னு ஒதுக்கிவிடவும் முடியாது. டியூபின் பின்பக்கத்தைப் பார்த்தால் ஓரளவு பதில் கிடைக்கும்.

போனா, வெயிலா?

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான பகுதிதான் ப்ளூ லைட். போன், லேப்டாப்பிலிருந்து இது வருவது உண்மைதான். ஆனா அளவு ரொம்பக் குறைவு. நிவியா பிராண்டை நடத்தும் பையர்ஸ்டோர்ஃப் நிறுவனமே ஒரு கணக்கு சொன்னது. 30 செ.மீ. தூரத்தில் ஒரு வாரம் இடைவிடாமல் ஸ்கிரீன் முன்னால் இருந்தால் சருமத்துக்குக் கிடைக்கும் ப்ளூ லைட், ஹாம்பர்க் நகரக் கோடை மதியத்தில் ஒரு நிமிடம் வெளியே நிற்பதற்குச் சமமாம். கிரீம் விற்கும் கம்பெனியே இப்படிச் சொல்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அப்படியானால் பிரச்சினை ஸ்கிரீன் அல்ல, வெயில். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 415 நானோமீட்டர் நீல-ஊதா ஒளி பட்ட இடம் கறுத்து, அந்தக் கருமை வாரக்கணக்கில் நீடித்தது. வெளிறிய சருமத்தைவிட மாநிறச் சருமத்தில்தான் இந்த விளைவு அதிகம். மங்கு எனப்படும் மெலாஸ்மா உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நிறம்தான் சாட்சி

சாதாரண சன்ஸ்கிரீன்கள் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். அதன் எஸ்பிஎஃப் 50 ஆக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். அதைத் தடுப்பதற்கு நல்ல ஆதாரம் உள்ள பொருள் அயர்ன் ஆக்சைடு. ஃபவுண்டேஷனுக்கு மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறம் தருவதும் இதேதான். மெலாஸ்மா நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில், புற ஊதாவை மட்டும் தடுக்கும் கிரீமைவிட அயர்ன் ஆக்சைடு சேர்ந்த கிரீம் நல்ல பலன் தந்தது.

லேபிளில் இதன் பெயர் CI 77491, CI 77492, CI 77499 என்று இருக்கும். நிறப்பொருட்களைப் பட்டியலின் கடைசியில் போடுவது வழக்கம் என்பதால் இடத்தை வைத்து அளவு தெரியாது. கையில் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை நன்றாகத் தடுக்கும் பொருள், கண்ணுக்கும் தெரியத்தானே செய்யும்? கண்ணாடி மாதிரி மறைந்துபோகும் ஜெல் ‘ப்ளூ லைட் ஷீல்டு’ என்று சொன்னால், சந்தேகப்படலாம்.

புகைக்கு எது?

ஜெர்மனியில் சுமார் 400 பெண்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, போக்குவரத்துப் புகை அதிகமுள்ள இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு முகத்தில் கரும்புள்ளிகள் கூடுதலாக இருந்ததைக் கண்டது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது. ஒரு கிரீம் அதைத் தடுக்கும் என்று காட்டவில்லை.

கிரீம்கள் பொதுவாக இரண்டு வழிகளில் முயல்கின்றன. ஒன்று, ஆன்டிஆக்ஸிடன்ட். ஓசோன், புகை உண்டாக்கும் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தை வைட்டமின் சி, ஈ, ஃபெருலிக் ஆசிட் கூட்டணி குறைப்பதற்கு ஆய்வக ஆதாரம் உண்டு. ஆனா பியூர் வைட்டமின் சி 10 முதல் 20 சதவீதம் வரை தேவை. திரவம் பழுப்பாகிவிட்டால் பெரும்பகுதி வீணாகிவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, பயோசாக்கரைடு கம்-4 போன்ற படலம். தூசு ஒட்டுவதைக் குறைத்து, கழுவும்போது எளிதாகப் போகச் செய்வதுதான் இதன் வேலை. ஓசோன் போன்ற வாயுவை அது நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு டியூபைப் படிப்போமா?

‘ஆன்டி பொல்யூஷன், ப்ளூ லைட் டிஃபென்ஸ்’ என்று எழுதிய ஒரு கற்பனை டியூபை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் தண்ணீர், சன்ஸ்கிரீன் ஃபில்டர்கள், கிளிசரின், நியாசினமைடு, பிறகு ஃபீனாக்ஸிஎத்தனால், அதற்கும் பின்னால் முருங்கை விதைச் சாறு. ஃபீனாக்ஸிஎத்தனால் ஒரு பிரிசர்வேட்டிவ், அதன் உச்ச வரம்பு 1 சதவீதம். எனவே பின்னால் வரும் முருங்கையும் 1 சதவீதத்தைத் தாண்டாது. சில பொருட்கள் அந்த அளவிலும் வேலை செய்யும். ஃபெருலிக் ஆசிடுக்கு அரை சதவீதமே போதும். அளவைச் சொல்லாத மூலிகைச் சாறுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்க முடியாது.

அயர்ன் ஆக்சைடு பட்டியலில் இல்லை. ஆக, இது நியாசினமைடு சேர்த்த ஒரு சன்ஸ்கிரீன், அவ்ளோதான். சன்ஸ்கிரீனாகப் பிடித்திருந்தால் வாங்கலாம். ‘ப்ளூ லைட்’ என்ற வார்த்தைக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. மங்கு இருப்பவர்கள் அந்தக் காசை டின்டட் சன்ஸ்கிரீனில் போடலாம். புகையில் பைக் ஓட்டி வருபவர்கள், வீடு வந்ததும் மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவினாலே ஒட்டியிருக்கும் தூசில் பெரும்பகுதி போய்விடும்.