நோய் வந்த நாள் எது?

யாழ்ப்பாணத்துச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் என் மேசைமீது கிடக்கின்றது. அவர் பாலர் பாடசாலை ஆசிரியை. மூன்று வயது மகனுக்குத் தாய். இப்போது மீண்டும் கருவுற்றுப் பத்து வாரங்கள் ஆகின்றன. அயலவர் ஒருவரின் சொற்கேட்டுத் தனியார் ஆய்வுகூடமொன்றில் இரத்தத்தைப் பரிசோதித்திருக்கிறார். “சைற்றோமெகலோ வைரசு: ஐ.ஜீ.எம். உண்டு, ஐ.ஜீ.ஜீ. உண்டு” என்று அறிக்கை வந்திருக்கின்றது. “என் பிள்ளை ஊனமாகப் பிறக்குமா, டொக்டர்? இக்கருவை வைத்திருக்கலாமா?” என்று கேட்கிறார்.

சகோதரியாரே, அவசரப்பட்டு எம்முடிவுக்கும் வரவேண்டாம். உங்கள் அறிக்கை ஒரு கேள்வியை எழுப்பியிருக்கின்றதே தவிர, விடை எதனையும் கூறிவிடவில்லை. அக்கேள்வி, “நோய் வந்ததா?” என்பதன்று, “நோய் வந்தது எப்போது?” என்பதே.

காலமே இங்கு முக்கியம் என்பதை முதலில் உலகுக்கு உணர்த்தியவர், அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் ஆவார். பிறவியிலேயே கண்ணில் வெண்படலம் படர்ந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பலராய் வருவதை அவர் கண்டார். தாய்மாரை விசாரித்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் கருவுற்ற ஆரம்ப நாட்களில் ஜேர்மன் சின்னமுத்து என்னும் ருபெல்லாவினால் பீடிக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. 1941ஆம் ஆண்டு அவர் 78 குழந்தைகளைப் பற்றிய தமது அறிக்கையை வெளியிட்டார். தாய்க்கு இரண்டு மூன்று நாட் காய்ச்சலும் சிறு தடிப்புமாய் வந்துபோகும் நோய், கருவிலுள்ள சிசுவின் கண்ணையும் செவியையும் இருதயத்தையும் ஏன் பழுதாக்க வேண்டும்?

முதற் பன்னிரண்டு வாரங்களிலேதான் சிசுவின் உறுப்புக்கள் உருவாகின்றன. தாயின் இரத்தத்திலுள்ள ருபெல்லா வைரசு சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடைந்து, அங்கே நெடுநாள் தங்கிவிடுகின்றது. கலங்கள் பெருகும் வேகத்தைக் குறைக்கின்றது. நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கின்றது. ஆகவே, அவ்வேளையில் எவ்வுறுப்பு உருவாகிக்கொண்டிருக்கிறதோ அவ்வுறுப்பு குறைபட்டுப்போகின்றது. இருபது வாரங்களுக்குப் பின் அதே வைரசு தொற்றினால், உறுப்புக்கள் ஏற்கெனவே அமைந்துவிட்டமையால், பெருந்தீங்கு நேர்வது அரிது.

இனி உங்கள் அறிக்கைக்கு வருவோம். சைற்றோமெகலோ வைரசு சிறு பிள்ளைகளின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் வெளிப்படுவது. பிள்ளையோ விளையாடித் திரியும். நோயின் குறியே தெரியாது. நம்மிற் பலர் இளமையிலேயே இவ்வைரசைப் பெற்றுவிட்டவர்கள். ஆனால், இதுவரை தொற்றாத ஒரு தாய்க்கு முதன்முறையாகக் கருக்காலத்தில் அது தொற்றுமாயின், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குச் சிசுவையும் அது சென்றடையும். கருக்காலம் முற்ற முற்ற அது சிசுவை அடைவது எளிதாகும். விளையும் தீங்கோ குறைந்துகொண்டு போகும். முதல் மூன்று மாதங்களில் வந்ததே மூளையையும் செவியையும் பெரிதும் பாதிப்பது.

நமது உடல் ஒரு கிருமியைக் கண்டதும் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றது. முதலில் தோன்றுவது ஐ.ஜீ.எம்.; சற்றுப் பிந்தித் தோன்றி ஆயுள் முழுவதும் நிலைப்பது ஐ.ஜீ.ஜீ. இதனால், ஐ.ஜீ.எம். இருந்தால் நோய் புதியது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இங்கேதான் தவறு நேர்கின்றது. ஐ.ஜீ.எம். சிலருடைய இரத்தத்திற் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும், தங்கியிருக்கும். வேறொரு வைரசு வந்துபோனதாலும் பரிசோதனை பொய்யாக ‘உண்டு’ எனக் காட்டக்கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேரில் இருவருக்குப் பொய்யாக ‘உண்டு’ எனக் கூறும் பரிசோதனையொன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயின் குறி எதுவுமில்லாத ஆயிரம் தாய்மாருக்கு ருபெல்லாவுக்காக அதனைச் செய்தால், இருபது பேர் அழுதுகொண்டு வீடு திரும்புவர். இலங்கையோ ருபெல்லாவை ஒழித்த நாடென 2020ஆம் ஆண்டு உறுதிப்படுத்தப்பட்டது. ஆகையால் அந்த இருபது பேரில் ஒருவருக்கேனும் உண்மையில் அந்நோய் இருப்பது மிக அரிது. நோய் அரிதாகும் இடத்தில், பொய்ச் சாட்சியே மிகுதியாக ஒலிக்கின்றது.

அப்படியாயின் உண்மையை அறிவது எவ்வாறு? ஐ.ஜீ.ஜீ.யின் பற்றுவலிமையை அளக்கும் பரிசோதனை ஒன்றுண்டு. புதிதாகப் பிறந்த ஐ.ஜீ.ஜீ. வைரசைத் தளர்வாகவே பற்றும். மாதங்கள் செல்லச் செல்ல அதன் பிடி இறுகும். பிடி தளர்ந்திருந்தால் தொற்று அண்மைக்காலத்தது எனச் சந்தேகிக்க வேண்டும். பிடி இறுகியிருந்தால், தொற்று மூன்று மாதங்களுக்கேனும் முற்பட்டது எனலாம்.

நீங்கள் எழுதியனுப்பிய இரண்டாம் அறிக்கையில், பற்றுவலிமை ‘உயர்வு’ என்றிருக்கின்றது. அதன் பொருளை உணராமல் அதனைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்! இரத்தம் எடுத்தது பத்தாம் வாரத்தில். வாரங்களைக் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவதால், கரு உண்டாகி எட்டு வாரங்களே ஆகியிருந்தன. தொற்றோ குறைந்தது பன்னிரண்டு வாரங்களுக்கு முந்தியது. எனவே கரு உருவாகுமுன்பே அது உங்களுக்கு வந்துபோயிருக்க வேண்டும். ஐ.ஜீ.எம். பழைய தொற்றின் மிச்சமாகவோ பொய்யாகவோ இருக்கலாம். கருவைக் கலைக்க இவ்வறிக்கை எவ்விதத்திலும் காரணமாகாது.

இதே பரிசோதனையை இருபத்து நான்காம் வாரத்திற் செய்திருந்தால், பிடி இறுகியிருந்தும் பயனில்லை; ஏனெனில் மூன்று மாதத்துக்கு முந்தியது என்பது, கருவின் ஆரம்ப வாரங்களையும் உள்ளடக்கிவிடும். அப்போது, முன்னே எடுத்து ஆய்வுகூடத்தில் வைத்த இரத்தம் ஏதும் இருந்தால் அதனையே சோதிக்க வேண்டும். அதில் ஐ.ஜீ.ஜீ. இல்லாதிருந்து பின்பு தோன்றியிருந்தால், தொற்று இடையில் வந்ததென்பது ஐயமின்றித் தெளிவாகும்.

பிடி தளர்ந்திருந்தாற்கூட, சிசுவுக்கும் தொற்றிவிட்டதென்று கொள்ளலாகாது. அதனை அறியப் பன்னீர்க்குட நீரை எடுத்து வைரசைத் தேடுவர். அதுவும் உடனே அன்று. தாய்க்குத் தொற்று வந்து எட்டு வாரங்களேனும் சென்று, கருக்காலமும் ஏறக்குறைய இருபது வாரத்தை எட்டியபின்பே. வைரசு சிசுவின் சிறுநீரகத்திற் பெருகிச் சிறுநீருடன் அந்நீரிற் கலக்க அவ்வளவு காலம் வேண்டும். முந்தி எடுத்தால், தொற்றியிருந்தும் ‘இல்லை’ என்ற விடை வரக்கூடும்.

பூனையின் மலத்தாலும் சரியாக வேகாத இறைச்சியாலும் பரவும் ரொக்சோபிளாஸ்மா நோய்க்கும் இவ்விதியே பொருந்தும். அங்கேயும் ஐ.ஜீ.எம். ஓராண்டையும் கடந்து நிற்பதுண்டு.

ஒரு சிறு எச்சரிக்கையுடன் முடிக்கின்றேன். பழைய தொற்று உள்ள தாயிடத்திலும் வைரசு மீண்டும் கிளம்புவதோ வேறு வகை தொற்றுவதோ உண்டு. அவ்வாறு சிசுவைச் சென்றடைதல் அரிது, ஆயினும் இல்லாமற்போகவில்லை. ஆகவே பிள்ளை பிறந்ததும் அதன் செவியைச் சோதிப்பியுங்கள். அதிற் குறை தென்பட்டால், மூன்று வாரங்களுக்குள் பிள்ளையின் சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதித்தல் வேண்டும். அதற்குப்பின் வைரசு கண்டாலும், அது கருவில் வந்ததா பிறந்தபின் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. இதற்கிடையில், மகன் மீதிவைத்த சோற்றை நீங்கள் உண்ண வேண்டாம். அவனுடைய கரண்டியை உங்கள் வாயில் வைக்கவேண்டாம். அவனைக் கழுவிவிட்டதும், பாடசாலையிற் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். முத்தமிட வேண்டுமானால் நெற்றியில் முத்தமிடுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.