வரி மிச்சம் எவ்வளவு, கட்டிப்போடும் காசு எவ்வளவு?

2025 ஏப்ரல் முதலாம் தேதி வங்கி வட்டியில் பிடிக்கும் வரி 5 சதவீதத்தில் இருந்து 10 சதவீதமாகக் கூடியது. அதற்குப் பிறகு எங்கட தோட்டங்களில் ஒரு புதுப் பேச்சு கேட்கிறது. யாருக்காவது ஈ.பி.எஃப். காசு கைக்கு வந்த செய்தி தெரிந்தால் போதும், அடுத்த வாரமே லயத்து வாசலில் ஒருவர் நிற்பார். "அம்மா, பேங்க்ல போட்டா அரசாங்கம் பத்து வீதம் வெட்டிரும். இந்தக் காப்புறுதியில போடுங்க, ஒரு சதமும் வெட்ட மாட்டாங்க" என்பார்.

இதை அப்படியே நம்பிக் கையெழுத்து வைக்கக்கூடாது என்பதுதான் எங்கள் வாதம். காப்புறுதியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வரியைக் காட்டி விற்கும் எதையும் முதலில் வரியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

முதலில் அந்தப் பத்து வீதத்தைப் புரிந்துகொள்வோம். அது போட்ட காசில் வெட்டுவதில்லை, வட்டியில் மட்டும்தான் வெட்டுகிறார்கள். எங்கட ஆட்களில் பல பேர் பத்து இலட்சம் போட்டால் ஒரு இலட்சம் போய்விடும் என்றே நினைக்கிறார்கள். பயத்தின் பாதி அங்கிருந்துதான் வருகிறது. பத்து இலட்சம் ரூபாவை வருடம் 8 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டதாக வைப்போம். வட்டி 80,000 ரூபா. வெட்டு 8,000 ரூபா. ஆக, அந்த ஏஜென்ட் மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்வது பத்து இலட்சத்துக்கு வருடம் 8,000 ரூபா.

அந்த 8,000 ரூபாவைக் கூட பெரும்பாலான தோட்டத்து அம்மாமார் கட்டத் தேவையில்லை. இப்போதைய சட்டப்படி ஒருவரின் வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாவிட்டால் அவருக்கு வருமான வரி இல்லை. ஒரு நாளைக்கு 1,700 ரூபா என்றும், மாதம் தவறாமல் 25 நாள் வேலை என்றும் தாராளமாகவே கணக்குப் போட்டாலும் வருடத்துக்கு 5,10,000 ரூபாதான் வரும். அதோடு வட்டி 80,000 ரூபாவைக் கூட்டினாலும் 18 இலட்சத்துக்குக் கிட்டவும் வராது. இப்படிப்பட்டவர் வங்கியில் ஒரு சுய பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் வட்டி வெட்டில்லாமல் முழுதாகக் கைக்கு வரும். அதற்கு வரி அடையாள இலக்கம், அதாவது டின் நம்பர், எடுத்து வைத்திருக்க வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31இல் முடிவதால் ஒவ்வொரு வருடமும் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஏற்கனவே வெட்டியிருந்தாலும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி விபரத் திரட்டு கொடுத்து திரும்பக் கேட்கலாம்.

ஒரு பக்கப் படிவத்தில் தீரும் விஷயத்துக்குத்தான் பத்து வருட ஒப்பந்தம் விற்கிறார்கள்.

சரி, படிவமே கொடுக்கவில்லை, வரியும் வெட்டுகிறார்கள் என்று வைப்போம். அப்போதாவது அந்தத் திட்டம் இலாபமா? ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வருடம் ஒரு இலட்சம் வீதம் பத்து வருடம் கட்டினால், முடிவில் 13 இலட்சம் தருவார்களாம். பத்து கட்டி பதின்மூன்று கிடைக்கிறதே என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வருட வட்டியாக மாற்றிப் பார்த்தால் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. அதே ஒரு இலட்சத்தை வருடா வருடம் 8 சதவீத வைப்பில் போட்டு, வட்டியில் பத்து வீதத்தை அரசாங்கத்துக்கே கொடுத்தாலும், கைக்கு வரும் வட்டி 7.2 சதவீதம். பத்து வருட முடிவில் ஏறத்தாழ 14 இலட்சத்து 95 ஆயிரம் ரூபா இருக்கும். வரி கட்டியவர் கையில் வரி கட்டாதவரை விட இரண்டு இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூட இருக்கிறது. வைப்பு வட்டி பத்து வருடமும் 8 சதவீதத்திலேயே நிற்காது என்பது உண்மை. ஆனாலும் இரண்டையும் ஒப்பிடும் வழி இதுதான்.

இன்னொன்று, இடையில் காசு தேவைப்பட்டால் என்ன ஆகும்? நிலையான வைப்பை உடைத்தால் வட்டியில் ஒரு பங்குதான் குறையும். காப்புறுதியை முதல் சில வருடங்களில் நிறுத்தினால் கட்டிய முதலிலேயே பெரும் பகுதி போய்விடும். ஈ.பி.எஃப். காசை பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அந்த வயதில்தான் மகளின் கல்யாணம், கூரைத் தகரம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் ஒன்றாக வரும். பத்து வருடம் தொடாமல் இருக்கிற காசா அது?

அடுத்தது எங்களுக்கே வரப்போகும் கதை. கம்பஸ் முடித்துக் கொழும்பில் மாதம் இரண்டு இலட்சம் ரூபா சம்பளத்தில் ஒரு அக்கா சேர்கிறார் என்போம். வருட வருமானம் 24 இலட்சம். 18 இலட்சம் கழித்தால் மீதி 6 இலட்சம். அதற்கு 6 சதவீதம், அதாவது வருடம் 36,000 ரூபா வரி. எந்த முதலீட்டைச் செய்தாலும் இந்தச் சம்பளத்தில் அவர் மிச்சம் பிடிக்கக்கூடிய உச்சபட்சம் அவ்வளவுதான். அதிலும், இப்போதைய சட்டத்தில் ஆயுள் காப்புறுதித் தவணைக்குச் சம்பள வரியில் கழிவே கிடையாது. "டெக்ஸ் குறையும்" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தில், எத்தனை ரூபா என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

கழிவு உண்மையாகவே இருந்த காலமும் உண்டு. 2020 தொடக்கம் 2022 முடியும் வரை, பங்கு வாங்கும் செலவு உட்படச் சில செலவுகளுக்கு வருடம் 12 இலட்சம் ரூபா வரை வருமானத்தில் கழிக்கலாம் என்று இருந்தது. அன்றைய உச்ச வரி 18 சதவீதம். 12 இலட்சத்துக்குப் பங்கு வாங்கிய பெரிய சம்பளக்காரருக்கு அதிகபட்சம் 2,16,000 ரூபா மிச்சம். ஆனால் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச்சுட்டி 2021 கடைசியில் 12,200 அளவில் இருந்து 2022 கடைசியில் 8,500 அளவுக்கு விழுந்தது. சந்தையோடு சேர்ந்து விழுந்த 12 இலட்சம் ஏறத்தாழ 8 இலட்சத்து 35 ஆயிரமாகியது. 2,16,000 மிச்சம் பிடிக்கப் போய் 3,65,000 கரைந்தது. 2023இல் அந்தக் கழிவும் இல்லாமல் போனது.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. 2024 முடிவில் அதே சுட்டி 15,000த்தைத் தாண்டியது. கழிவு இல்லாவிட்டாலும் பங்கு வாங்கியிருப்பேன், பத்து வருடம் காத்திருப்பேன் என்று வாங்கியவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. கழிவுக்காகவே அவசரக் காசைப் போட்டு, 2022 நெருக்கடியில் வீட்டுச் செலவுக்கு விற்றவர்களுக்குத்தான் அடி. பங்கு ஒன்றுதான், வாங்கிய காரணம் வேறு.

ஆகவே நாங்கள் சொல்வது இதுதான். கையெழுத்து வைக்க முன்னம், வரிச்சலுகை நாளைக்கே போய்விட்டாலும் இதை வாங்குவோமா என்று கேளுங்கள். மிச்சமாகும் வரியை சதவீதத்தில் கேட்காமல் ரூபாவில் கேளுங்கள். மூன்றாம் வருடம் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் காப்புறுதியை அதற்காக மட்டும் விலை கேட்டு எடுங்கள். சேமிப்பை வேறாக வையுங்கள்.

எங்கட வீடுகளில் படிவம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான். வருகிற லீவில் வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் வங்கிப் புத்தகத்தை எடுத்து, வட்டியில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். விழுந்திருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் அந்தச் சுய பிரகடனப் படிவத்தைக் கேட்போம்.