கணக்கை மூடும் முன் பார்க்க வேண்டிய மீதி

2025 ஏப்ரல் முதல் வங்கி வட்டி மீதான நிறுத்திவைத்தல் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தது. இதைத் தொடர்ந்து கண்டியில் எனக்குத் தெரிந்த பலர், பாவிக்காத சேமிப்புக் கணக்குகளை மூடுவது பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆனால், சிறிய கணக்குகளில் இந்த வரியால் போவது சில ரூபாய்கள்தான். ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கவும் வழி உண்டு. உண்மையான இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது: கணக்கை மூடும் நாளில் அல்லது மூடாமல் விட்டுப்போகும்போது.

கண்டியில் இது அடிக்கடி எழும் பிரச்சினை. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர்கள், கட்டுகஸ்தோட்டையிலும் நகரக் கடைகளிலும் வேலைக்கு வந்தவர்கள், யுத்தத்தால் இடம்பெயர்ந்து சில காலம் இங்கே தங்கியவர்கள் எல்லோரும் இங்கே ஒரு கணக்கைத் திறந்திருப்பார்கள். ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கணக்கு பின்னால் நின்றுவிடுகிறது. இடப்பெயர்வில் வங்கிப் புத்தகத்தையே தொலைத்த குடும்பங்களுக்கு, விட்டுவந்த கணக்கைப் பிறகு தேடிப் போவது எவ்வளவு அலைச்சல் என்று சொல்லத் தேவையில்லை.

விட்டுவைத்தால் என்ன ஆகும்? நீண்டகாலம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கை வங்கி செயலற்ற கணக்காக வகைப்படுத்தும். அதற்கிடையில் அட்டைக்கான வருடாந்தக் கட்டணமும் குறைந்தபட்ச மீதிக்குக் கீழே போனால் அறவிடும் கட்டணமும் மெல்ல மெல்ல மீதியைத் தின்னும். பத்து ஆண்டுகள் உரிமையாளர் தொடாத பணம், வங்கிச் சட்டத்தின்படி 'கைவிடப்பட்ட ஆதனம்' ஆகி மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அப்போதும் உரிமை அழிவதில்லை. கணக்கு இருந்த வங்கியின் ஊடாகக் கோரலாம். ஆனால், நிரூபிக்கும் சுமை நம்முடையது.

எனவே மூடுவது நல்லது. எப்படி மூடுவது என்பதை ஓர் உதாரணக் கணக்கை வைத்துப் பார்ப்போம். கட்டணங்களும் வட்டி வீதமும் வங்கிக்கு வங்கி மாறும். கணக்கிடும் முறை மாறாது.

ஒன்பது ஆண்டுகள் கண்டியில் கடையொன்றில் வேலை செய்துவிட்டு கிளிநொச்சிக்குத் திரும்பும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அவரது புத்தகத்தில் 14,600 ரூபா இருக்கிறது. வட்டி ஆண்டுக்கு 2.5 வீதம். அவர் மாதத்தின் 21ஆம் திகதி மூடப் போகிறார்.

புத்தகத்தில் உள்ள 14,600 அவரது இறுதி மீதி அல்ல. முந்தின நாள் மருந்துக்கடையில் அட்டையால் கட்டிய 1,350 ரூபா கணக்கில் இன்னும் கழிபடவில்லை. வங்கி அதைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் ஏ.டி.எம். திரையில் காட்டும் 'எடுக்கக்கூடிய மீதி' 13,250 ரூபாவாக இருக்கிறது. புத்தகத்துக்கும் திரைக்கும் இப்படி வித்தியாசம் தெரிந்தால், ஏதோ ஒரு கொடுப்பனவு நிலுவையில் நிற்கிறது என்று அர்த்தம். அது கழிபடும் வரை சில நாட்கள் பொறுத்து மூடுவதே நல்லது.

அடுத்தது வட்டி. 14,600 ரூபாவுக்கு 2.5 வீதம் என்றால் ஆண்டுக்கு 365 ரூபா, அதாவது நாளுக்கு ஒரு ரூபா. 20 நாட்களுக்கு 20 ரூபா சேர வேண்டும். வரி 2 ரூபா போக 18 ரூபா. வட்டி வழமையாக மாத முடிவில் வரவாவதால், இடையில் மூடும்போது இந்தத் தொகை சேர்க்கப்பட்டதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அட்டையின் வருடாந்தக் கட்டணம் 600, குறுஞ்செய்திக் கட்டணம் 30 என்று வைத்தால், அவர் கையில் வர வேண்டியது 12,638 ரூபா. திறந்து சில மாதங்களே ஆன கணக்கு என்றால் மூடுவதற்கும் கட்டணம் அறவிடலாம். பழைய கணக்குக்கு அப்படிக் கேட்டால், கட்டண அட்டவணையைக் காட்டச் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு அந்தக் கணக்கோடு பிணைந்திருக்கும் கொடுப்பனவுகளில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் ஆயுள் காப்புறுதிக் கட்டுப்பணம் 3,200 ரூபா ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி போகிறது. அது அவர் வங்கிக்குக் கொடுத்த நிலையியற் கட்டளை. கணக்கு மூடப்பட்டால் கட்டளையும் முடிந்துவிடும். வங்கி அதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. சலுகைக் காலம் வழமையாக ஒரு மாதம் வரை இருக்கும். அதுவும் கடந்தால் காப்புறுதி காலாவதியாகலாம். நினைவூட்டல் கடிதமும் பழைய கண்டி முகவரிக்கே போகும்.

அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பதிந்த தொலைபேசி, இணையக் கட்டணங்கள் வேறு வகை. அங்கே பணத்தைக் கேட்பது அந்த நிறுவனம். வங்கியில் நிறுத்தச் சொன்னால் போதாது, நிறுவனத்திடமே புதிய அட்டையைப் பதிய வேண்டும். கைபேசிச் செயலிகளில் ஜஸ்ட்பே ஊடாக இணைத்த கணக்கையும் செயலிக்குள் போய் நீக்க வேண்டும். இவை அனைத்தையும் ஞாபகத்தில் வைத்திருக்க முடியாது. கடைசி 12 மாதக் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மாதமும் திரும்பி வரும் பெயர்களையும் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் பெயர்களையும் கோடிட்டால் பட்டியல் தானாகக் கிடைக்கும்.

உள்ளே வரும் பணம் இதைவிட முக்கியம். அஸ்வெசும கொடுப்பனவு இந்தக் கணக்குக்கு வருகிறது என்றால், கணக்கு மாற்றத்தைப் பிரதேச செயலகத்தில் முதலில் பதிய வேண்டும். வேலையை விட்டு ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தவர்கள், விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பணம் வந்துசேரும் முன் கணக்கை மூடினால் அது திரும்பிப் போய்விடும். மறுபடி பெறுவதற்கு அலைய வேண்டும்.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் ஊரில் புதிய கணக்கைத் திறப்பது. பிறகு வரும் பணத்தை மாற்றுவது, போகும் பணத்தை மாற்றுவது. அதன்பின் பழைய கணக்கில் சிறு தொகை விட்டு ஒரு மாதம் முழுதாகப் பார்ப்பது. அந்த மாதத்தில் பழைய கணக்கில் எதுவும் அசையாமல், புதிய கணக்கில் எல்லாம் நடந்தால் மட்டுமே மூடலாம். பல வங்கிகள் கணக்கு திறந்த கிளைக்கே வரச் சொல்லும் என்பதால், கண்டியை விட்டுப் போகும் முன்பே கிளையில் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டுக் கணக்கென்றால் மற்றவரின் கையொப்பமும் தேவைப்படும். ஒருவருடைய கடனுக்கு இந்தக் கணக்கு பிணையாக இருந்தால் அது தீரும் வரை மூட விடமாட்டார்கள்.

மூடும் நாளில் அடையாள அட்டை, புத்தகம், ஏ.டி.எம். அட்டை மூன்றையும் கொண்டுபோக வேண்டும். கண்டிக் கிளைகளில் படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டப்படுவது வழக்கம். விளங்காத இடத்தில் கையொப்பமிடாமல் தமிழில் விளக்கம் கேட்பது நமது உரிமை. 'மீதியைப் பெற்றுக்கொண்டேன், மேலதிகக் கோரிக்கை இல்லை' என்ற பொருளில் ஒரு வரி அதில் இருக்கக்கூடும். அந்த 12,638 ரூபா சரியா என்று எண்ணிப் பார்த்த பிறகே அதன் கீழ் கையொப்பமிட வேண்டும். மூடும் கடிதத்தின் முத்திரையிட்ட பிரதியும், மீதி பூச்சியம் என்று காட்டும் இறுதிக் கணக்கறிக்கையும் இல்லாமல் வெளியே வரக்கூடாது.

கணக்குப் பிழைத்தால் முதலில் கிளையிலும் பின்னர் வங்கியின் தலைமை அலுவலகத்திலும் எழுத்தில் முறையிடலாம். தீர்வு கிடைக்காவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மனிடமோ, மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்தின் 1935 என்ற இலக்கத்திலோ முறையிடலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது அந்த முத்திரையிட்ட பிரதியைத்தான்.