நிரையை யார் பிரிப்பது?

பெரட்டில் கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அவரவர் விரும்பிய நிரையில் இறங்கட்டும் என்ற கருத்து இப்போது பல கமிட்டிக் கூட்டங்களில் வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அது தீர்வாகும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

நோர்ம் 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரே மலையில் இரண்டு பேர். ஒருவருக்கு ரோட்டோரத்தில் அடைத்து நிற்கும் செடிகள். மற்றவருக்குப் பாறையும் செத்த செடிகளின் வெற்றிடமுமாய் ஓடைப் பக்கத்து நிரை. கை வேகம் இருவருக்கும் ஒன்றுதான். மாலை நிறுவையில் ஒருவருக்கு 22 கிலோ, மற்றவருக்கு 14. முதலாமவருக்கு முழுப்பேரும் மேலதிகக் கிலோவுக்குக் காசும், இரண்டாமவருக்கு அரைப்பேர். வேண்டியவருக்கு நல்ல நிரை போகிறதா என்று அறிய ஒரு மாத நிறுவைக் கணக்கைப் பாருங்கள். அரைப்பேர் எப்போதும் அதே சிலருக்கே விழுந்தால், அது கை வேகத்தின் குறையல்ல.

சரி, நாமே தெரிவு செய்தால்? முந்தி வருபவருக்கு நல்ல நிரை. பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுவிட்டு வரும் தாய்க்கு மிஞ்சியது ஓடைப் பக்கம்தான். ஒருவரும் இறங்காத நிரையில் கொழுந்து முற்றி வங்கியாகிவிடும்; அடுத்த சுற்றில் அங்கே போகிறவர் பாடு இன்னும் மோசம்.

செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, இலைக்கு மட்டும் காசு தரும் முறையையும் "உங்கள் விருப்பத்துக்கு வேலை செய்யலாம்" என்றுதான் விற்கிறார்கள். நேரத்தை நாம் தெரிவு செய்யலாம், உண்மைதான். ஆனால் கொழுந்து நமக்காகக் காத்திருக்காது, ஏழெட்டு நாளுக்கொரு முறை எடுத்தே ஆகவேண்டும். இலையின் விலையும் உரமும் நம் தெரிவில் இல்லை. பெரட்டில் கெட்ட நிரை கிடைத்தால் ஒருநாள் நட்டம். கெட்ட துண்டு கிடைத்தால் வருடக்கணக்கில். செக்ரோலில் பெயர் இல்லாவிட்டால் முதலாளி கட்டவேண்டிய 12 வீத ஈ.பி.எஃப்.பும் 3 வீத ஈ.டி.எஃப்.பும் போய்விடும். (அந்த முறையை விளக்க வருகிறவர்கள் இதைப் பேசவே மாட்டார்கள்.)

ஆகவே நாங்கள் கேட்பது வேறு. கங்காணியின் விருப்பமும் வேண்டாம், ஓட்டப்பந்தயமும் வேண்டாம். நிரைகள் முறைவைத்துச் சுற்றட்டும்: இன்று முதல் நிரையில் நின்றவர் நாளை கடைசிக்குப் போகட்டும், மற்றவர்கள் ஒவ்வொரு நிரை முன்னே வரட்டும். அந்த வரிசையைப் பெரட்டுக்களத்தில் எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டட்டும். தன் நிரையை முடித்தவர் அடுத்ததைத் தானே எடுக்கலாம், அதில் எமக்கு ஆட்சேபனை இல்லை. நோர்மை முழுத் தோட்டத்துக்கும் ஒன்றாக வைக்காமல், மலைக்கு மலை, கவ்வாத்து வெட்டிய வருடத்தையும் அன்றைய கொழுந்தையும் பார்த்து வைக்கவேண்டும். கவ்வாத்து வெட்டி இரண்டாம் வருட மலையும், அடுத்த கவ்வாத்துக்கு நிற்கும் மலையும் ஒரே கிலோ தராது என்பது துரைக்கும் தெரியும்.

துண்டு பிரிக்க உங்கள் தோட்டத்துக்கு வந்தால், முதலில் வெற்றிடங்களைத் தலைவரும் மாதர் தலைவியும் கூடநின்று எண்ணட்டும், பிறகு சீட்டுப்போட்டுப் பிரிக்கட்டும். பெயர் செக்ரோலில் தொடரும் என்று எழுத்தில் தரும்வரை எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.