எலியா, பன்றியா? சீன ராசிப் பொருத்தத்தைக் குழப்பும் பிப்ரவரி பிறந்தநாள்!

2026 பிப்ரவரி 17 அன்று சீன நாட்காட்டிப்படி குதிரை ஆண்டு பிறக்கிறது. புத்தாண்டு நெருங்கினாலே சீனா, சிங்கப்பூர், மலேசியா என எல்லா இடங்களிலும் ‘உங்க ஜோடிக்குப் பொருத்தம் எப்படி?’ என்ற பட்டியல்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆனால் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்தவர்கள் அந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், தங்கள் விலங்கு எது என்பதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. ஆண்டுக்கு ஒரு விலங்கு என இந்த 12-ம் இதே வரிசையில் சுற்றி வரும்.

இவற்றை ஒரு வட்டமாக வைத்தால், நான்கு இடம் தள்ளி இருப்பவை நட்பு விலங்குகள். உதாரணமாக முயல், ஆடு, பன்றி மூன்றும் ஒரே கூட்டணி. ஆறு இடம் தள்ளி நேர் எதிரே இருப்பவை மோதும் விலங்குகள்; எலிக்குக் குதிரை அப்படி. இதுபோக ஒன்றுக்கொன்று கெடுதல் செய்யும் ஜோடிகள் என்று தனியாக ஆறு உண்டு. எலியும் ஆடும் அதில் ஒன்று.

எங்கே தப்பு நடக்கிறது?

ஒரு கற்பனை ஜோடியை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1991 ஆகஸ்ட். சந்தேகமே இல்லாமல் ஆடு. அவள் பிறந்தது 1996 பிப்ரவரி 10. ‘1996 என்றால் எலி’ என்கிறது பட்டியல். எலியும் ஆடும் ஆகாது, பொருத்தம் இல்லை. கதை முடிந்தது!

ஆனால் சீனப் புத்தாண்டு ஜனவரி 1-ல் வருவதில்லை. அமாவாசைக் கணக்குப்படி ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 21-க்கும் இடையே ஆண்டுக்கு ஒரு தேதியில் வரும். 1996-ல் அது பிப்ரவரி 19. அதனால் அவள் பிறந்தபோது முந்தைய பன்றி ஆண்டே இன்னும் முடியவில்லை. ஆடும் பன்றியும் ஒரே கூட்டணி. ‘ஆகவே ஆகாது’ என்ற ஜோடி, ஒரே நொடியில் ‘அருமையான ஜோடி’ ஆகிவிட்டது.

அதோடு முடியவில்லை

பிறந்த நேரம் வரை கணிக்கும் சீன ஜோதிடர்கள் பலர் புத்தாண்டைப் பார்ப்பதே இல்லை. சூரியக் கணக்கில் வசந்தம் தொடங்கும் ‘லிச்சுன்’ நாளில்தான் அவர்களுக்கு விலங்கு மாறும். அது பிப்ரவரி 4-ஐ ஒட்டி வரும். அந்தக் கணக்கில் பிப்ரவரி 10-ல் பிறந்தவள் மறுபடியும் எலி! ஜப்பானிலோ ஜனவரி 1-லேயே விலங்கு மாறிவிடும்; அங்கேயும் அவள் எலிதான்.

ஆக, பிறந்தநாள் ஒன்று, பதில் இரண்டு. எதை எடுப்பது? குடும்பங்களில் பொதுவாகச் சொல்லப்படும் விலங்கு புத்தாண்டுக் கணக்கில் வருவது. ஜோதிடரிடம் போனால், ‘எந்தக் கணக்கு வெச்சுப் பார்க்கிறீங்க?’ என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஆப் சரியா? ஒரு சின்ன டெஸ்ட்

1996 ஜனவரி 20 என்று போட்டுப் பாருங்கள். புத்தாண்டுக் கணக்கிலும் லிச்சுன் கணக்கிலும் பதில் பன்றிதான். ‘எலி’ என்று வந்தால், அந்த ஆப் வருடத்தை மட்டுமே பார்க்கிறது. சரியாக வந்தால் அடுத்து பிப்ரவரி 10 போடுங்கள். பன்றி என்றால் புத்தாண்டுக் கணக்கு. எலி என்றால் லிச்சுன் கணக்கு.

உங்கள் வருடத்துக்கான புத்தாண்டுத் தேதிகள்: 1995 ஜனவரி 31, 1996 பிப்ரவரி 19, 1997 பிப்ரவரி 7, 1998 ஜனவரி 28, 1999 பிப்ரவரி 16, 2000 பிப்ரவரி 5. அந்தத் தேதிக்கு முன் பிறந்திருந்தால் முந்தைய ஆண்டின் விலங்கு. பிப்ரவரி 21-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை.

சும்மா ஜாலிக்குத்தானே?

எப்போதும் அப்படி இல்லை. 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்பது ஜப்பானின் பழைய நம்பிக்கை. 1965-ல் அங்கே சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. நெருப்புக் குதிரை ஆண்டான 1966-ல் அது சுமார் 13.6 லட்சமாகச் சரிந்தது. மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது. மகள் பிறந்தால் நாளை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பயம் செய்த வேலை அது. 2026-ம் அதே நெருப்புக் குதிரைதான்.

இத்தனைக்கும் சீன ஜோதிட முறையே ஒருவரை வருட விலங்கால் மட்டும் எடைபோடுவதில்லை. ஆண்டு, மாதம், நாள், நேரம் என நான்கையும் சேர்த்து எட்டு எழுத்துகளை வைத்துத்தான் கணிக்கும். விலங்கு அதில் ஒரே ஒரு எழுத்து. பொருத்தம் பார்த்தால் திருமணம் நிலைக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரமும் கிடையாது. ‘நமக்கு செட் ஆகாதாம்’ என்று யாராவது பட்டியலை நீட்டினால், பிறந்த தேதியையாவது சரியாகப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.