பிந்தி மணந்தோரை எவ்வாறு வாழ்த்துவது?



நடுவயதைக் கடந்து நிகாஹ் செய்துகொண்டோரின் மணநாளில் நம்மவர்கள் அனுப்பும் வாழ்த்துகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று, இளந்தம்பதியருக்கான வாழ்த்தையே அப்படியே அனுப்புவது: "விரைவில் நல்ல செய்தி வரட்டும்." மற்றொன்று, இரக்கத்தையே வாழ்த்தாக்குவது: "கடைசிக் காலத்தில் ஒரு துணை அமைந்ததே, அல்ஹம்துலில்லாஹ்." இரண்டிலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆயினும், அத்தம்பதியர் வாழ்கின்ற வாழ்வை இரண்டுமே காணத் தவறுகின்றன.

எங்கள் மஹல்லாவில் அத்தகைய தம்பதியர் உள்ளனர். மனைவியை இழந்த அவருக்கு அப்போது வயது 58. நோயுற்ற தாயைப் பேணியதில் திருமணம் தள்ளிப்போன அப்பெண்மணிக்கு 49. ஆண்டுகள் நான்கு கடந்துவிட்டன. ஃபஜ்ருக்குப் பின் இருவரும் சேர்ந்து தேநீர் அருந்துகின்றனர். அவர் நாளிதழை உரக்க வாசிக்கிறார். இடையிடையே அம்மணி மறுத்துப் பேசுகிறார். அவருடைய சர்க்கரை மாத்திரைகளை எடுத்து வைப்பது அம்மணி. அம்மணியின் கண் மருத்துவரிடம் முறை தவறாமல் அழைத்துச் செல்வது அவர். நல்ல நண்பர்கள் என்பதே அவர்களுக்குப் பொருத்தமான பெயர். சென்ற மணநாளில் "நல்ல செய்தி" கேட்டு உறவினர் அனுப்பிய வாழ்த்தைப் படித்ததும், அம்மணி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாராம்.

இதில் நமக்குச் சுன்னாவிலேயே தெளிவான வழி இருக்கிறது. அறியாமைக் கால அரபுகள் மணமக்களை "பிர்ரிஃபாஇ வல் பனீன்" என்று வாழ்த்துவர். 'இணக்கத்தோடும் ஆண்மக்களோடும் வாழ்க' என்பது அதன் பொருள். அகீல் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் பனூ ஜுஷம் குலத்துப் பெண்ணை மணந்தபோது சிலர் அவ்வாறே வாழ்த்தினர். அதை அவர்கள் தடுத்து, நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தவாறு பரக்கத்தை வேண்டுமாறு கூறினார்கள்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் திருமண துஆவில் மூன்று வேண்டுதல்கள் உள்ளன: உமக்கு பரக்கத், உம்மீது பரக்கத், உங்கள் இருவரையும் நன்மையில் ஒன்றுசேர்த்தல். முதலிரண்டும் இன்பத்தையும் துன்பத்தையும் குறிப்பன என அறிஞர்கள் சிலர் விளக்குகின்றனர். இந்த துஆவில் பிள்ளைப்பேறு தனியே சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இருபது வயதினருக்குப் பொருந்துவது போலவே அறுபது வயதினருக்கும் அது முழுமையாகப் பொருந்துகிறது.

தோழமை, இல்லறத்தில் எஞ்சியவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் பரிசு அன்று. கதீஜா (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின், கவ்லா பின்த் ஹகீம் (ரலி) அவர்கள் முன்மொழிய, விதவையான ஸவ்தா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணந்தார்கள். ஓரிரவு நபியவர்களைப் பின்பற்றித் தொழுத ஸவ்தா (ரலி), ருகூஉ நீண்டதால் இரத்தம் சொட்டிவிடுமோ என அஞ்சி மூக்கைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்ல, நபியவர்கள் சிரித்தார்கள் என இப்னு சஃது பதிவு செய்கிறார். தொழுகையும் சிரிப்பும் ஒரே வீட்டில் இருந்தன.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பிந்திய மணத்தில் பெரும்பாலும் ஒரு பழைய நினைவும் உடனிருக்கும். நபி (ஸல்) அவர்கள் ஆட்டை அறுத்தால் மறைந்த கதீஜா (ரலி) அவர்களின் தோழியருக்கும் பங்கு அனுப்புவார்கள். அதைக் கண்டு ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ரோஷம் ஏற்பட்டதும் ஹதீஸில் வருகிறது. அது மனித இயல்பு. நான் குறிப்பிட்ட அம்மணி, முதல் மனைவியின் சகோதரி வீட்டுக்குப் பெருநாள் பிரியாணியைத் தம் கையாலேயே கொடுத்தனுப்புகிறார். அத்தகையோரிடம் "இப்போதுதான் உங்களுக்கு வாழ்க்கை அமைந்தது" என்றால், அவர் முன்பு வாழ்ந்த வாழ்வை நாம் இல்லாததாக்கிவிடுகிறோம்.

மணநாள் மார்க்கம் வகுத்த பெருநாள் அன்று. அதை வழிபாடாக்கவும் கூடாது. ஆனால் ஒரு சகோதரருக்காக துஆச் செய்ய எந்த நாளும் தகுந்த நாளே. ஆதலால் அவர்களுக்கு இவ்வாறு எழுதலாம் என்பது என் கருத்து:

"நான்கு ஆண்டுகள் உங்களை ஒருவருக்கொருவர் நண்பராக வாழச்செய்த அல்லாஹ்வுக்கே புகழ். நலத்திலும் நோயிலும் அவன் உங்களுக்கு பரக்கத் அருள்வானாக. உங்கள் காலைத் தேநீரும் உரையாடலும் நீடிக்கட்டும். உங்களுக்கு முன் சென்றோரை மன்னித்து, உங்கள் அனைவரையும் சுவனத்தில் ஒன்றுசேர்ப்பானாக."

அவர்கள் வாழ்விலிருந்து ஒரு சிறு செய்தியேனும் வாழ்த்தில் இருந்தால், அது தங்களுக்கென்றே கேட்கப்பட்ட துஆ என்பதை அவர்கள் உணர்வார்கள். அதை ஏற்பது அவன் பொறுப்பு. ஆமீன்.